நாலு வயதுப் பிள்ளை, விடாத மழை, அடுக்களையில் ஒரு மஞ்சள் டப்பா

பாளைமைனா
நவம்பர் 19, மாலை 6.20

மூன்றாவது நாளாக மழை. பள்ளிக்கூடம் லீவு, மத்தியானத்திலிருந்து கரண்டும் இல்லை, போனில் பதினோரு சதவீதம். மகளுக்கு நாலு வயது. அடுக்களைச் சாமான்களை வைத்தே ஒரு மத்தியானத்தை ஓட்டிவிடலாம் என்று ஆளாளுக்குச் சொல்கிறார்கள். நிஜமாகச் செய்து பார்த்தவர்கள் இருக்கிறீர்களா? என் கணக்கைச் சொல்கிறேன். துவரையும் கொண்டைக்கடலையும் பாசிப்பயறும் கலந்து கொடுத்துப் பிரிக்கச் சொன்னேன், எட்டு நிமிடம். சொளவில் அரிசி பரப்பி விரலால் எழுதச் சொன்னேன், ஐந்து நிமிடம். அப்புறம் பட்டாசல் முழுக்க அரிசி பொறுக்க எனக்கு இருபது நிமிடம். சப்பாத்தி மாவு கொஞ்சம் தேவலை, பன்னிரண்டு.

ஆக அரை மணி நேரத்துக்கு மேல் எதுவும் நிற்காது என்பதுதான் என் கட்சி.

ஆனால் கடைசியில் ஒரு கூத்து. மாவுக்கு நிறம் வரட்டும் என்று மஞ்சள்தூள் போட்டிருந்தேன். கை கழுவப் போனவள் சோப்பைத் தேய்த்ததும் "அம்மா, ரத்தம்!" என்று ஒரே அலறல். ஓடிப்போய்ப் பார்த்தால் இரண்டு உள்ளங்கையும் செங்கல் நிறம். நானும் ஒரு நொடி பயந்துதான் போனேன். தண்ணீர் விட்டு நன்றாக அலசியதும் மறுபடி மஞ்சள். அழுகை நின்றுவிட்டது, "இன்னொருக்கா" என்றாள். அப்புறம் முப்பத்தைந்து நிமிடம் சோப்பும் மஞ்சளும்தான், கையெல்லாம் ஊறிப் போகும்வரை. இதை ஒழுங்காக ஒரு விளையாட்டாகச் செய்ய வழி இருக்கிறதா?


சாரல்வீடு
நவம்பர் 19, மாலை 6.48

மழைக்காலத்தில் பிள்ளைகளுக்கு மஞ்சள் ரொம்ப நல்லது. பாலில் ஒரு சிட்டிகை மஞ்சள், இரண்டு மிளகைத் தட்டிப்போட்டு, படுக்கும்முன் கொடுங்கள். சளி கிட்டே வராது என்பார்கள். எங்கள் தென்காசிப் பக்கம் சாரல் காலம் முழுக்க இதுதான்.


பாளைமைனா
நவம்பர் 19, மாலை 6.55

சளி இல்லைங்க. சலிப்பு.


துப்பறியும்_துரை
நவம்பர் 19, இரவு 7.30

முதலில் அந்த மஞ்சள் பாக்கெட்டைத் தூக்கிப் போடுங்கள். சிவப்பாக மாறினால் அது கலப்படம். சாயம் கலந்த மஞ்சள்தான் நிறம் மாறும் என்று நானே வீட்டில் செய்து பார்த்திருக்கிறேன். பிள்ளை கையில் கொடுக்காதீர்கள்.


பாளைமைனா
நவம்பர் 19, இரவு 7.41

இது வேறயா. கடையில் வாங்கிய பாக்கெட் இல்லை, எங்கள் அத்தை விரலி மஞ்சள் வாங்கி மில்லில் கொடுத்துத் திரித்தது. அத்தையிடம் போய்க் கலப்படமா என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை.


ஆய்வக_அண்ணாச்சி
நவம்பர் 19, இரவு 9.15

முப்பது வருஷம் கல்லூரி வேதியியல் ஆய்வகத்தில் குடுவை கழுவினவன் என்ற முறையில் சொல்கிறேன், அத்தையைக் கேட்க வேண்டாம். அசல் மஞ்சளும் சோப்பில் சிவக்கத்தான் செய்யும். சிவக்காவிட்டால் வேண்டுமானால் சந்தேகப்படலாம்.

துரை தம்பி சொல்கிற சோதனையும் உண்டு, ஆனால் அவர் அதைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறார். மெட்டானில் மஞ்சள் என்ற சாயம் கலந்திருக்கிறதா என்று பார்க்க அமிலம் விடுவோம், ஹைட்ரோகுளோரிக் அமிலம். சாயம் இருந்தால் இளஞ்சிவப்பு, கத்தரிப்பூ நிறத்தில் வந்து, தண்ணீர் விட்ட பிறகும் நிற்கும். இங்கே பிள்ளை தொட்டது சோப்பு, அது அமிலத்துக்கு எதிர்க்கட்சி. சோப்பு, சோடா, சுண்ணாம்பு, சாம்பல் தண்ணீர், இவை எது பட்டாலும் மஞ்சளில் இருக்கிற குர்குமின் சிவக்கும். எலுமிச்சை, புளி, மோர் பட்டால் பழையபடி மஞ்சள். போய்த் திரும்பி வருகிற நிறம் என்பதுதான் இதில் விஷயம். பிள்ளை "இன்னொருக்கா" கேட்டதும் அதனால்தான்.

செய்முறை வேண்டுமானால் ஒரு தாளில் மஞ்சள் தடவிக் காயவைத்து, அதன்மேல் சோப்புத் தண்ணீரால் எழுதச் சொல்லு தங்கச்சி. சிவப்பு எழுத்து வரும். எலுமிச்சைச் சாறு அதற்கு அழிரப்பர்.

ஒரு தொல்லை உண்டு. குர்குமின் தண்ணீரில் கரையாது. தண்ணீரில் கலக்கித் தடவினால் தாளில் துகள் துகளாக நிற்கும், காய்ந்ததும் உதிரும். சாராயத்தில் கரையும், அதனால் நாங்கள் ஆய்வகத்தில் ஆல்கஹாலில்தான் எடுப்போம். வீட்டில் கை துடைக்கிற சானிடைசர் இருந்தால் போதும், தண்ணீர் மாதிரி இருக்கிற வகை, பசை மாதிரி இருப்பது ஆகாது. ஒரு தேக்கரண்டி மஞ்சள்தூளுக்கு மூன்று தேக்கரண்டி விட்டுக் கலக்கி, பத்து நிமிடம் தெளிய விட்டு, மேலே நிற்பதை மட்டும் பஞ்சால் தொட்டுத் தடவ வேண்டும்.


பாளைமைனா
நவம்பர் 19, இரவு 9.40

அண்ணாச்சி, கும்பிடு. நாளைக்கும் மழைதான் என்கிறார்கள். காலையிலேயே தாள் தயார் செய்துவிடுகிறேன்.


ஆய்வக_அண்ணாச்சி
நவம்பர் 19, இரவு 9.52

படுத்தபிறகு ஞாபகம் வந்து எழுந்து எழுதுகிறேன். கரண்ட் இல்லை என்றாயே, வீட்டில் மெழுகுவர்த்தியோ விளக்கோ எரியுமே. சானிடைசரை அதன் கிட்டே திறக்காதே. அதிலிருந்து எழும் ஆவியே பற்றிக்கொள்ளும், பகலில் தீ நாக்கு கண்ணுக்கே தெரியாது. அடுப்பு எரியும்போதும் வேண்டாம். ஜன்னலைத் திறந்துவைத்து நீ மட்டும் செய், தாள் நன்றாகக் காய்ந்த பிறகு பிள்ளையிடம் கொடு. மிச்சத்தை அப்போதே ஊற்றிவிடு, மஞ்சள் ஜூஸ் மாதிரி இருக்கும், நாலு வயதுக்கு அது போதும் குடிக்க.


வெத்திலைச்செல்லம்
நவம்பர் 20, காலை 5.50

இதுக்கு எதுக்கு மக்கா சாராயமும் சானிடைசரும். விரலி மஞ்சள எடு, சந்தனம் உரசுற கல்லுல நாலு சொட்டுத் தண்ணி விட்டு உரசு. விழுது மாதிரி வரும். அதத் தடவு. பேத்திக்கே உரசக் கொடு, அதுலயே அரை நாள் போயிரும். எங்க காலத்துல முகத்துக்குப் பூச இப்படித்தான் உரசுவோம். ஆலாத்திக்கு மஞ்சத்தண்ணியில சுண்ணாம்பு போட்டா சிவக்குமே, அதான் இது. இதப் போயி நேத்து வந்த புதுசு மாதிரி பேசுதீங்க.

பேரன் டைப் பண்ணித் தருகிறான். தப்பு இருந்தா அவனுக்கு.


பாளைமைனா
நவம்பர் 20, மாலை 5.10

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். நீளமாகப் போகும்.

காலை எட்டு மணிக்கு இரண்டு விதமாகவும் தாள் செய்தேன். சானிடைசர் தாள் அழகு, வழவழவென்று ஒரே சீரான மஞ்சள். தண்ணீரில் கலக்கித் தடவியது அண்ணாச்சி சொன்ன மாதிரியே மணல் மணலாக. முதலில் மாதக் காலண்டரின் பின்பக்கத்தில் தடவிப் பார்த்தேன், வழுவழுப்புத் தாள் என்பதால் ஒட்டாமல் முத்து முத்தாக உருண்டது. தினசரிக் காலண்டர்த் தாள் உறிஞ்சுகிறது, ஆனால் சின்னது. கடைசியில் கோடு போடாத நோட்டுத் தாள்தான் சரிவந்தது. சானிடைசர் தாள் கால் மணி நேரத்தில் காய்ந்தது. தண்ணீர்த் தாள் மத்தியானம் வரைக்கும் ஈரமாகவே கிடந்தது, இந்த மழையில் துணியே காயவில்லை, தாள் எங்கே காயும்.

இரண்டு மணிக்கு ஆரம்பித்தோம். தார்சாவில் பழைய பாயை விரித்து, அவளுக்கு அவள் அப்பாவின் கிழிந்த பனியனை மாட்டிவிட்டேன். ஒரு கிண்ணத்தில் சோப்புத் தண்ணீர். அதில்தான் முதல் சறுக்கல். அவள் குளிக்கிற குழந்தை சோப்பைத்தான் கேரட் துருவியில் துருவி வெதுவெதுப்பான தண்ணீரில் கலக்கியிருந்தேன். தாளில் தொட்டு எழுதினாள், ஒன்றும் வரவில்லை. ஈரம்தான் தெரிந்தது. "பொய் சொல்லுற" என்று என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. பாத்திரம் துலக்குகிற திரவத்தைத் தொட்டுப் பார்த்தேன், அதுவும் பெப்பே. பிறகு ஞாபகம் வந்தது, நேற்று கையைச் சிவக்க வைத்தது நாங்கள் போட்டுக்குளிக்கிற சாதாரணக் கட்டி சோப்பு. அதைத் துருவி, ஒரு தேக்கரண்டித் துருவலுக்குக் கால் டம்ளர் தண்ணீர் விட்டதும் பளிச்சென்று செங்கல் சிவப்பு. அப்பாடா.

பிரஷ் கிடையாது. வேப்பங்குச்சியின் நுனியை அம்மிக்கல்லில் நசுக்கிக் கொடுத்தேன், நார் நாராக விரிந்து நல்ல பிரஷ் ஆகிவிட்டது. முதலில் வட்டம், அப்புறம் நிறைய வட்டம், அதெல்லாம் இட்லியாம். இட்லி ஏன் சிவப்பு என்று நான் கேட்கவில்லை. எலுமிச்சைச் சாற்றைத் தொட்டு வைத்ததும் இட்லியின் நடுவில் மஞ்சள் பொட்டு விழுந்தது. அங்கே அமைதி. நாலு வயதுப் பிள்ளை வாயைத் திறந்து வைத்துக்கொண்டு பேசாமல் இருப்பதை அபூர்வமாகத்தான் பார்க்க முடியும். சாறு, சோப்பு, சாறு, சோப்பு என்று ஒரே இடத்தில் மாற்றி மாற்றித் தேய்த்துத் தாளை ஓட்டையாக்கிவிட்டாள். நாலு தாள் நாற்பது நிமிடத்தில் காலி.

அதற்குமேல் ஆச்சி சொன்ன உரசல். சந்தனக் கல்லையும் ஒரு விரலி மஞ்சளையும் கொடுத்தேன். இருபத்தைந்து நிமிடம்! உரசி உரசி ஒரு தேக்கரண்டி விழுதுகூட வரவில்லை, அவளுக்கு அது ஒரு குறையாகவே படவில்லை. அந்த விழுதைப் பழைய வேட்டித் துண்டில் தடவினோம். துணிதான் தாளைவிட நல்லது. கிழியாது, ஈரமாகவே எழுதலாம், ஓட்டை விழாது.

மொத்தம் ஒன்றேகால் மணி நேரம். என் கட்சி தோற்றது.


கடையநல்லூர்க்காரன்
நவம்பர் 20, மாலை 5.35

சாதாரண சோப்புக்குச் சிவக்கிறது, குழந்தை சோப்புக்குச் சிவக்கவில்லை என்றால் குழந்தை சோப்பு டூப்ளிகேட்டா?


ஆய்வக_அண்ணாச்சி
நவம்பர் 20, இரவு 8.00

டூப்ளிகேட் இல்லை. எண்ணெயையும் காரத்தையும் சேர்த்துக் காய்ச்சுகிற பழைய பாணிக் கட்டி சோப்பில் எப்போதும் கொஞ்சம் காரத்தன்மை நிற்கும், அது மஞ்சளைச் சிவக்க வைக்கும். பிள்ளைகளுக்கென்று விற்கிற கட்டிகளில் சிலது, ஷாம்பு, பாத்திரத் திரவம் எல்லாம் வேறு சரக்கு, நுரை வரும், காரம் பெரிதாக இருக்காது. எல்லாக் குழந்தை சோப்பும் அப்படி என்றும் சொல்ல முடியாது. மஞ்சளில் தொட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். தங்கச்சி வீட்டில் நடந்தது தோல்வி இல்லை, பிள்ளை அறியாமல் ஒரு சோதனை செய்திருக்கிறாள்.

ஆப்பச்சோடாவைப் பற்றி யாராவது கேட்பீர்கள், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். அதில் நிறம் வரும், ஆனால் மந்தமான ஆரஞ்சுதான். மஞ்சள் நிறம் மாற ஆரம்பிக்கிற எல்லையிலேயே அதன் காரம் நின்றுவிடுகிறது. அதையே வெறும் இரும்புச் சட்டியில் போட்டுப் பத்து நிமிடம் வறுத்தால் வாயுவும் நீராவியும் வெளியேறிச் சலவைச் சோடாவாகிவிடும், அப்போது நன்றாகச் சிவக்கும். ஆனால் அது பிள்ளை கைக்கு ஆகாது, தோல் எரியும், கண்ணில் பட்டால் கஷ்டம். ஆய்வகத்தில் இருந்தவன் என்பதால் வாய் சும்மா இருக்கவில்லை, சொல்லிவிட்டேன், வீட்டில் வேண்டாம். கட்டி சோப்பே போதும்.


வெத்திலைச்செல்லம்
நவம்பர் 21, காலை 6.05

சோப்பு எதுக்கு, என் செல்லத்துல சுண்ணாம்பு இருக்கு. ஒரு மிளகளவு போட்டா ரத்தமா சிவக்கும்.


மேலப்பாளையம்_மாமா
நவம்பர் 21, காலை 7.20

ஆச்சி, கோபிச்சுக்காதீங்க, சுண்ணாம்பு மட்டும் வேண்டாம். எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். என் தங்கை மகனுக்கு அப்போது மூன்றரை வயது. உம்மா வெற்றிலைக்கு வைத்திருந்த சுண்ணாம்புப் பாக்கெட்டை எடுத்து, பற்பசை மாதிரி இருக்கிறதே என்று இரண்டு கையாலும் அமுக்கியிருக்கிறான். வாய் பிய்ந்து நேராக வலது கண்ணில். நாங்கள் துடைத்துவிட்டு ஆட்டோ பிடித்தோம், அதுதான் தப்பு. டாக்டர் திட்டினார். துடைக்கக் கூடாது, இருந்த இடத்திலேயே குழாயடியில் கண்ணை விரித்துப் பிடித்து, நிறுத்தாமல் இருபது நிமிடம் தண்ணீர் விட்டுவிட்டு அப்புறம் ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்க வேண்டுமாம். இன்றைக்கும் அந்தக் கண்ணில் மங்கல் இருக்கிறது. சுண்ணாம்பு ஒட்டிக்கொண்டு அரித்துக்கொண்டே இருக்குமாம்.

இங்கே இந்தப் பேச்சு வந்ததால் எழுதுகிறேன். விளையாட்டு நல்ல விளையாட்டுதான்.


வெத்திலைச்செல்லம்
நவம்பர் 21, காலை 7.50

அய்யோ. நான் சொன்னத விட்டுருங்க. செல்லத்த அலமாரி மேல தூக்கி வச்சாச்சு. இனி வெத்திலை போட ஸ்டூல் ஏறணும்.


பாளைமைனா
நவம்பர் 21, மதியம் 12.30

மாமா சொன்னதைப் படித்ததும் நேற்றைய சோப்புத் தண்ணீரையும் யோசித்துப் பார்த்தேன். அதுவும் கண்ணில் எரியும்தான், ஆனால் தண்ணீர் விட்டால் தீரும். இனி ஒரு கிண்ணத்தில் இரண்டு விரற்கடைக்கு மேல் கொடுப்பதில்லை, பக்கத்திலேயே ஒரு சருவத்தில் நல்ல தண்ணீர்.

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். "ஒன்றேகால் மணி நேரம்" என்று பெருமை அடித்தேன் அல்லவா, அதில் நான் எழுந்து போனது மொத்தம் இரண்டு தடவை. முதல் தடவை எலுமிச்சை இன்னொன்று நறுக்க. அப்போது சாற்றை முழுசாகச் சோப்புக் கிண்ணத்தில் கவிழ்த்துவிட்டாள். நுரை அடங்கி, மேலே வெள்ளை வெள்ளையாகத் தயிர் மாதிரி திரிந்து நின்றது, அப்புறம் அந்தத் தண்ணீருக்குச் சிவக்க வைக்கிற சக்தியே இல்லை. இரண்டாம் தடவை குக்கர் விசில். அது பற்றிப் பிறகு எழுதுகிறேன், அவர் வீட்டில் இருக்கிறார்.


கடையநல்லூர்க்காரன்
நவம்பர் 21, மதியம் 1.05

எலுமிச்சை இப்போது விற்கிற விலைக்கு இதெல்லாம் கட்டுப்படியாகுமா? புளியைக் கரைத்துக் கொடுங்கள்.


பாளைமைனா
நவம்பர் 21, மதியம் 1.15

புளி பார்த்தாச்சு. வேலை செய்கிறது, ஆனால் அதன் பழுப்பு நிறம் மேலே ஏறி எது மஞ்சள் எது அழுக்கு என்று தெரிவதில்லை. புளித்த மோர் நன்றாக இருந்தது, மேலே வருகிற தெளிந்த தண்ணீரை மட்டும் எடுத்தேன். ஆனால் பாதியைக் குடித்துவிட்டாள். குடித்தால் பாதகமில்லாத பொருள் என்பதால் மோருக்கே என் ஓட்டு.


வள்ளியூர்_வாசகி
நவம்பர் 21, மாலை 4.40

நானும் இன்று செய்தேன், பையனுக்கு ஐந்து. எங்கள் வீட்டில் வேறு பிரச்சினை. மஞ்சள்தூளை வெந்நீரில் கலக்கினேன், சோப்பு எதுவும் போடாமலே தண்ணீர் ஆரஞ்சுக்கு வந்துவிட்டது. போர் தண்ணீர், நன்றாகக் கொதித்து ஆறவைத்தது. கேன் தண்ணீரில் கலக்கினால் சாதாரண மஞ்சள். எங்கள் ஊர்த் தண்ணீருக்கு என்ன கோளாறு?


ஆய்வக_அண்ணாச்சி
நவம்பர் 21, இரவு 8.30

கோளாறு என்று உடனே பயப்பட வேண்டாம். உப்பும் சுண்ணாம்பும் உள்ள போர் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் பாத்திரத்தில் வெள்ளைப் படிவு கட்டுமே, அப்போது கரைந்திருந்த கரியமில வாயு வெளியேறித் தண்ணீரின் காரத்தன்மை கொஞ்சம் ஏறும். மஞ்சளை ஆரஞ்சாக்க அது போதும் என்றுதான் நினைக்கிறேன். கொதிக்க வைக்காத அதே போர் தண்ணீரில் கலக்கிப் பாரம்மா, அது மஞ்சளாக இருந்தால் நான் சொன்னது சரி. பாத்திரத்தில் சோப்பு ஒட்டியிருந்தாலும் இப்படி வரும், முதலில் நன்றாக அலசிவிட்டுச் செய்.


வள்ளியூர்_வாசகி
நவம்பர் 22, காலை 9.00

அலசிவிட்டுச் செய்தேன். கொதிக்காததும் லேசாக ஆரஞ்சுதான். கொதித்தது அதைவிடக் கூடுதல். இப்போது என்ன சொல்வீர்கள்?


ஆய்வக_அண்ணாச்சி
நவம்பர் 22, காலை 9.25

பாதி ஜெயித்தேன் என்று வைத்துக்கொள்கிறேன். குடிக்கிற தண்ணீர் என்றால் மஞ்சளை நம்பாமல் தண்ணீர்ப் பரிசோதனைக்குக் கொடுத்துப் பார்.


துப்பறியும்_துரை
நவம்பர் 22, காலை 10.10

நானும் அண்ணாச்சி சொன்னபடி வீட்டு மஞ்சளைச் சோப்பில் போட்டேன். ஒரு பாக்கெட் நன்றாகச் சிவந்தது, இன்னொன்று மங்கல்தான். மங்கலாக வந்தது கலப்படம்தானே? இந்தத் தடவையாவது நான் ஜெயித்தேனா?


வெத்திலைச்செல்லம்
நவம்பர் 22, காலை 10.40

அந்தப் பாக்கெட்டுல என்ன எழுதியிருக்குன்னு பாரு தம்பி. கஸ்தூரி மஞ்சளா இருக்கும்.


துப்பறியும்_துரை
நவம்பர் 22, காலை 10.52

...ஆமாம் ஆச்சி. வீட்டுக்காரி முகத்துக்கு வைத்திருந்தது.


ஆய்வக_அண்ணாச்சி
நவம்பர் 22, காலை 11.30

கஸ்தூரி மஞ்சளில் வாசம் உண்டு, நிறம் தருகிற சரக்கு ரொம்பக் குறைவு. கலப்படமில்லாமலே மங்கலாகத்தான் வரும். தம்பிக்கு வாழ்த்து, மனைவியின் டப்பாவை யார் இடத்தில் திருப்பி வைத்தது என்பதைத் தனியாகச் சொல்லவும்.


பாளைமைனா
நவம்பர் 23, இரவு 9.45

சரி, குக்கர் விசில் கதை. அவர் ஊரில் இல்லை, எழுதலாம்.

பழைய வேட்டித் துண்டில் மஞ்சள் தடவி எழுதலாம் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது நான்தான். மழை என்பதால் துணியெல்லாம் தார்சாவில் கொடி கட்டிக் காயப்போட்டிருந்தேன். நான் குக்கரை இறக்கிவிட்டு வருவதற்குள் கொடியில் தொங்கிய அவரது எட்டு முழம் வெள்ளை வேட்டியின் நுனியில் ஐந்து விரலும் பதிந்து ஒரு மஞ்சள் கை. முகூர்த்தத்துக்குக் கட்டுகிற வேட்டி. நான் அவசரத்தில் சோப்பைப் போட்டுத் தேய்த்தேன். என்ன ஆகியிருக்கும் என்று இப்போது எல்லோருக்கும் தெரியும். ஐந்து விரலும் சிவப்பு. ஏதோ கொலை நடந்த வீட்டுச் சுவர் மாதிரி இருந்தது. மகள் கை தட்டுகிறாள், "எலுமிச்சை கொண்டா" என்கிறாள்.

எலுமிச்சை போட்டேன், மஞ்சளானது. அலசினேன், மஞ்சள். மறுபடி சோப்பு, சிவப்பு. இரண்டு நாளாக இதே கதை. சோப்பில் கறை கொஞ்சம் மங்குகிறது, முழுக்கப் போகவில்லை. வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


வெத்திலைச்செல்லம்
நவம்பர் 24, காலை 5.40

மஞ்சக்கறைக்கு வெயில்தான் மருந்து. சோப்புப் போட்டு அலசி ஈரத்தோட வெயில்ல போடு. ரெண்டு நாள்ல காணாமப் போயிரும். வெயில் வரட்டும், அதுவரைக்கும் ஒளிச்சு வை.


ஆய்வக_அண்ணாச்சி
நவம்பர் 24, காலை 8.10

ஆச்சி சொன்னதே சரி. குர்குமினுக்கு வெளிச்சம் ஆகாது, வெயிலில் சிதைந்துபோகும். வெளுப்பான் எதுவும் வேண்டாம். உன் மஞ்சள் தாள்களும் அப்படித்தான், இருட்டில் ஒரு டப்பாவில் வைத்தால்தான் அடுத்த மழைக்கு இருக்கும்.


பாளைமைனா
நவம்பர் 27, மாலை 4.00

இரண்டு நாளாக நல்ல வெயில். வேட்டியை மாடியில் போட்டேன். முதல் நாளே பாதி போய்விட்டது, இன்று கட்டைவிரல் மட்டும் மிச்சம், அதுவும் தெரிந்து பார்த்தால்தான் தெரியும். அவர் திங்கட்கிழமை வருகிறார்.

இன்னொரு கேள்வி. அவள் இப்போது எதைப் பார்த்தாலும் எலுமிச்சை சொட்டுகிறாள். நேற்றுச் சாம்பாரில், இன்று கோயிலில் கொடுத்த குங்குமத்தில். குங்குமமும் மஞ்சளில் செய்வதுதானே, அது மஞ்சளாக மாறவில்லை. அப்படியானால் அது சாயமா?


துப்பறியும்_துரை
நவம்பர் 27, மாலை 4.20

இந்தத் தடவை நான் வாயைத் திறக்கவில்லை.


ஆய்வக_அண்ணாச்சி
நவம்பர் 27, இரவு 8.45

நல்ல வேளை. எலுமிச்சையை வைத்து அதைச் சொல்ல முடியாது. சுண்ணாம்பு போட்டுச் சிவக்க வைத்ததாக இருந்தால் எலுமிச்சையில் மஞ்சளாகும். ஆனால் பழைய முறைக் குங்குமத்தில் மஞ்சளோடு வெங்காரமும் எலுமிச்சைச் சாறும் சேர்ப்பார்கள். வெங்காரத்தில் இருக்கிற போரான் குர்குமினைப் பிடித்துக்கொண்டு வேறொரு சிவப்பைத் தரும், அதற்கு எலுமிச்சை ஒன்றும் செய்யாது. சாயமாக இருந்தாலும் எலுமிச்சை ஒன்றும் செய்யாது. ஆகையால் மகளுக்குப் பதில் சொல்ல என்னிடம் வழி இல்லை. வெங்காரத்தை வீட்டில் வாங்கிச் செய்து பார்க்கலாமா என்று மட்டும் கேட்காதே, பிள்ளை வாயில் போனால் விஷம்.


பாளைமைனா
நவம்பர் 27, இரவு 9.05

நான் கேட்கவில்லை அண்ணாச்சி. பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவள்தான் கேட்கிறாள். தெரியாது என்று சொன்னேன். "சோப்புப் போட்டுப் பாக்கலாம்" என்று எழுந்து போயிருக்கிறாள்.